கம்ப்ரசர் திரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க: இயந்திர விற்பனையாளருக்கு ஒரு நிமிட வீடியோ எழுதும் முறை

இயந்திரம் விற்பவர்களுக்கு வீடியோ எழுதித் தர வருபவர்கள் பெரும்பாலும் கையில் காட்டலாக்கோடு உட்கார்கிறார்கள். எந்தச் சிறப்பை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது என்று வரிசை போடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது எழுத உட்காரும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுகிறேன். வீடியோ முடிந்ததும் அதைப் பார்த்த தொழிற்சாலை முதலாளி தன் கையால் என்ன செய்ய வேண்டும்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற வரிகள் தானாக வந்துவிடும்.

இதைப் பொதுவாகச் சொன்னால் புரியாது. கோவையில் ஸ்க்ரூ கம்ப்ரசர் விற்கும் ஒருவர், சிஎன்சி ஜாப் ஒர்க் செய்யும் சிறு தொழிற்சாலை முதலாளிகளிடம் பேசுகிறார் என்று வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி போட்டோ வரை போய்ப் பார்ப்போம்.

பார்க்கப் போகிறவர் எங்கே நிற்கிறார்

கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ பத்துப் பதினைந்து மெஷின் போட்டிருக்கும் ஒரு முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு ஆபரேட்டர் வரவில்லை. பெரிய கம்பெனியிலிருந்து ரிஜெக்ஷன் என்று போன். இன்செர்ட் தீர்ந்துவிட்டது. நடுவில் வாட்ஸ்அப்பைத் திறக்கிறார், மெஷின் பக்கத்தில் நின்றபடி, எண்ணெய் படாத விரலால். பின்னால் சத்தம். உங்கள் குரல் அவருக்குக் கேட்கவே கேட்காது. முதல் ஐந்து வினாடியில் திரையில் என்ன தெரிகிறதோ, அதை வைத்தே தள்ளிவிடுவதா நிற்பதா என்று முடிவு செய்கிறார்.

அவர் நல்ல டெக்னிக்கல் ஆள் என்பதையும் மறக்கக் கூடாது. பலர் தாங்களே லேத்தில் நின்று வளர்ந்தவர்கள். "உலகத்தரம்", "நவீன தொழில்நுட்பம்" என்ற வார்த்தைகள் அவரிடம் எடுபடாது. தப்பான ஒரு எண்ணைச் சொன்னால் அந்த நொடியே கண்டுபிடித்துவிடுவார்.

என் முதல் கம்ப்ரசர் வீடியோவில் ஷோரூம் முகப்பு, தரச் சான்றிதழ், எத்தனை ஆண்டு அனுபவம் என்ற வரிசையில் போய் முடிவில் "மேலும் விவரங்களுக்கு அழைக்கவும்" என்று எழுதியிருந்தேன். போன் வராமல் இல்லை, நிறைய வந்தது. பஞ்சர் கடைக்குச் சின்ன கம்ப்ரசர் கேட்டு ஒருவர், பெயிண்ட் அடிக்க வாடகைக்குக் கேட்டு ஒருவர், டீலர்ஷிப் கேட்டு இரண்டு பேர், "விலை என்ன?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தவர்கள் மீதி. யாருக்காகப் பேசுகிறோம் என்பதை வீடியோவிலேயே சொல்லாததன் விலை அது. விற்பனை ஆட்கள் இரண்டு வாரம் அந்தப் போன்களிலேயே களைத்துப்போனார்கள்.

அவரே பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு நஷ்டம்

முதல் வேலை, நஷ்டம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. அது அவருடைய தொழிற்சாலையிலேயே இப்போது நடந்துகொண்டிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் உதவி இல்லாமல் அவரே போய்ப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

இதைத் தேட அலுவலகத்தில் உட்காராதீர்கள். சர்வீஸ் என்ஜினியரோடு ஒருநாள் வண்டியில் போங்கள். ஸ்க்ரூ கம்ப்ரசரைப் பற்றி அவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை "சும்மா ஓடுது". காற்று தேவைப்படும்போது கம்ப்ரசர் லோடில் இருக்கும். டேங்கில் பிரஷர் நிறைந்ததும் காற்று இழுப்பதை நிறுத்தி அன்லோடுக்குப் போகும், ஆனால் மோட்டார் நிற்காது. நிலையான வேகத்தில் ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரசர் அந்த நேரத்திலும் முழு லோடில் எடுப்பதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை கரண்ட் எடுக்கும். வெளியே வரும் காற்று பூஜ்யம்.

இதில் நமக்கு வாய்ப்பான விஷயம், பெரும்பாலான ஸ்க்ரூ கம்ப்ரசர்களின் கண்ட்ரோலர் திரையில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று மொத்தம் ஓடிய மணி நேரம், இன்னொன்று லோடில் ஓடிய மணி நேரம். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் சும்மா ஓடிய நேரம் வந்துவிடும். முதலாளி பத்தடி நடந்தால் போதும். ஆக, அவர் கையால் செய்ய வேண்டியது என்ன என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது: அந்தத் திரையைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

இந்த ஒரு போட்டோ எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள். பஞ்சர் கடைக்காரரிடம் அந்தத் திரை கிடையாது, அவர் அனுப்ப மாட்டார். அனுப்புகிறவர் ஸ்க்ரூ கம்ப்ரசர் வைத்திருப்பவர், தொழிற்சாலைக்குள் நிற்பவர், தன் நஷ்டத்தைத் தெரிந்துகொள்ள நினைப்பவர். "டெமோ வேண்டுமா, கொட்டேஷன் வேண்டுமா?" என்று கேட்டால், எங்கே மாட்டிக்கொள்வோமோ என்று தயங்கும் ஆள்கூட ஒரு போட்டோ அனுப்பத் தயங்க மாட்டார்.

கணக்கை முதலில் போடுங்கள், வசனம் அப்புறம்

30 எச்பி, அதாவது 22 கிலோவாட் கம்ப்ரசர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 12,000 மணி நேரம் ஓடியிருக்கிறது, லோடில் 7,200. மிச்சம் 4,800, அதாவது நூற்றுக்கு நாற்பது. இரண்டு ஷிஃப்டுக்கு 16 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 6.4 மணி நேரம் சும்மா ஓடுகிறது. அன்லோடில் மணிக்கு 7 யூனிட் என்றால் நாளைக்கு ஏறக்குறைய 45 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 360 ரூபாய், மாதம் 25 நாளுக்கு 9,000 ரூபாய்.

வீடியோவில் வருட நஷ்டத்தைச் சொல்லலாமே என்று விற்பனையாளர் கேட்பார், லட்சம் தாண்டுவதால். நான் மாதக் கணக்கிலேயே நிற்பேன். முதலாளி ஈபி பில்லை மாதத்தில்தான் பார்க்கிறார், அந்த எண்ணோடு உடனே ஒப்பிட்டுக்கொள்வார். யூனிட் விலையை நாம் எவ்வளவு வைத்தோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தன் பில்லில் வேறு விலை இருந்தால் அவரே மாற்றிப் போட்டுக்கொள்வார். அப்படிப் போட்டுப் பார்ப்பவர் ஏற்கனவே பாதி நம்மோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. நஷ்டத்தைக் கண்ணுக்குக் காட்ட கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டி ஆம்பியரைக் காட்டலாம் என்று தோன்றும். அன்லோடில் ஆம்பியர் பாதியளவுக்குத்தான் இறங்கும், பார்க்க நஷ்டம் பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் பவர் ஃபேக்டரும் இறங்கிவிடுவதால் உண்மையில் எடுக்கும் யூனிட் ஆம்பியர் காட்டுவதைவிடக் குறைவு. ஆம்பியரை வைத்து ரூபாய் கணக்கு சொன்னால் விவரம் தெரிந்த முதலாளி அங்கேயே உங்களை நம்புவதை நிறுத்திவிடுவார். கிலோவாட் காட்டும் த்ரீ ஃபேஸ் பவர் மீட்டரையே படம் பிடியுங்கள். அதை மாட்டுவது எலக்ட்ரீஷியன் வேலை, கேமராக்காரர் பேனலைத் தொடக் கூடாது.

எழுதி முடித்த வசனம்

பேச்சு கோவைத் தொழிற்சாலையில் பேசுவது மாதிரியே இருக்கட்டும். எழுத்துத் தமிழில் வாசித்தால் அறிவிப்புப் போலாகிவிடும். பேசுபவர் சர்வீஸ் என்ஜினியராக இருந்தால் இன்னும் நல்லது, அந்தத் திரைக்கு முன்னால் தினமும் நிற்பவர் அவர்தான்.

முதல் 6 வினாடி. திரை முழுக்கக் கண்ட்ரோலர், இரண்டு எண்ணையும் தொடும் ஒரு விரல். முகம், லோகோ எதுவும் வேண்டாம்.
"ஸ்க்ரூ கம்ப்ரசர் வச்சிருக்கீங்களா? அதோட திரையில ரெண்டு நம்பர் இருக்குங்க. அதை ஒரு தடவை பாருங்க."

அடுத்த 14 வினாடி. அதே திரை, எண்கள் பெரிதாக எழுத்தில்.
"இந்தக் கம்ப்ரசர் மொத்தம் 12,000 மணி நேரம் ஓடியிருக்கு. அதுல காத்து அடிச்சது 7,200 மணி நேரம்தான். மிச்சம் 4,800 மணி நேரம் மோட்டார் சும்மா சுத்தியிருக்கு."

அடுத்த 18 வினாடி. பவர் மீட்டர். லோடிலிருந்து அன்லோடுக்கு மாறும்போது கிலோவாட் இறங்கி, பூஜ்யத்துக்கு வராமல் 7-இல் நிற்பது தெரிய வேண்டும்.
"சும்மா சுத்துறப்பவும் கரண்ட் எடுக்குதுங்க. இது 30 எச்பி. காத்தே அடிக்காம மணிக்கு 7 யூனிட். ரெண்டு ஷிஃப்ட் ஓட்டினா, யூனிட் 8 ரூபாய்னு வச்சா, மாசம் 9,000 ரூபாய் கிட்ட வருது."

அடுத்த 12 வினாடி. ரிசீவர் டேங்க், கண்ட்ரோலர் செட்டிங், கம்ப்ரசர் என மூன்று சின்னக் காட்சிகள்.
"சில இடத்துல டேங்க்கைப் பெருசு பண்ணினா போதும். சில இடத்துல தானா நிக்கிற டைமரை மாத்தினா போதும். சில இடத்துலதான் விஎஃப்டி கம்ப்ரசர் வேணும்."

கடைசி 12 வினாடி. என்ஜினியர் தன் போனில் திரையைப் போட்டோ எடுக்கிறார்.
"உங்களுக்கு எதுன்னு தெரியணும்னா, திரையை ஒரு போட்டோ எடுங்க. எத்தனை எச்பி, எத்தனை ஷிஃப்ட்னு எழுதி இந்த வாட்ஸ்அப் நம்பருக்கு அனுப்புங்க. அன்னைக்கே கணக்குப் போட்டு அனுப்புறோம்."

ஒரு நிமிடத்தை ஒட்டி முடிகிறது. எழுதியதும் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, வழக்கமான வேகத்தில் சத்தமாகப் படித்துப் பாருங்கள். நேரம் மீறினால் வேகமாகப் பேசச் சொல்லாதீர்கள், ஒரு வரியை வெட்டுங்கள்.

காற்றுத் தேவைக்கு ஏற்ப மோட்டார் வேகத்தை மாற்றிக்கொள்ளும் விஎஃப்டி கம்ப்ரசர் விற்பதுதானே நோக்கம், எதற்கு டேங்க்கையும் டைமரையும் சொல்லிக் கொடுப்பது என்று விற்பனையாளர் கண்டிப்பாகக் கேட்பார். அந்த வரியை நான் விட்டுக்கொடுப்பதில்லை. போட்டோ அனுப்பினால் தலையில் ஒரு மெஷினைக் கட்டிவிடுவார்கள் என்ற பயம் முதலாளிக்கு இருக்கிறது. அந்தப் பயத்தை எடுக்கும் வரி அதுதான்.

சர்வீஸ் ஆளிடம் காட்டாமல் படம் பிடிக்க வேண்டாம்

அந்த நான்காவது பகுதியில் நான் முதலில் எழுதியிருந்தது, "லீக்கை அடைச்சா இந்த நஷ்டம் குறையும்" என்று. படித்த சர்வீஸ் என்ஜினியர் பேனாவை எடுத்து அடித்துவிட்டார். "லீக்கை அடைச்சா காத்து தேவை குறையும்ண்ணா. தேவை குறைஞ்சா கம்ப்ரசர் இன்னும் அதிக நேரம் சும்மாதான் ஓடும்" என்றார். மொத்தக் கரண்ட் குறையும் என்பது உண்மை. ஆனால் நாம் பேசுவது சும்மா ஓடும் நேரத்தைப் பற்றி, அது குறையாது, கூடும். அப்படியே வெளியே போயிருந்தால் பத்து முதலாளிகளாவது கமெண்டில் பிடித்திருப்பார்கள்.

டைமர் விஷயத்திலும் அவர் ஒரு எச்சரிக்கை சொன்னார். கொஞ்ச நேரம் அன்லோடில் ஓடினால் மோட்டார் தானாக நிற்கும்படி செட் செய்யலாம். ஆனால் மணிக்கு இத்தனை தடவைக்கு மேல் மோட்டார் ஸ்டார்ட் ஆகக் கூடாது என்று தயாரிப்பாளர் வைத்த வரம்பு இருக்கும். அதைப் பார்க்காமல் நேரத்தைக் குறைத்தால் மோட்டாருக்குக் கேடு. அதனால்தான் வீடியோவில் எத்தனை நிமிடம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யாராவது அப்படியே போய் மாற்றியிருப்பார்கள்.

படப்பிடிப்பில் கவனிக்க இரண்டே விஷயம்

கம்ப்ரசர் ரூம் சத்தத்தில் வசனம் தெளிவாகப் பதியாது. படத்தை அங்கே எடுங்கள், குரலை அமைதியான ரூமில் போனிலேயே தனியாகப் பதிவு செய்து பின்னால் சேருங்கள். கம்ப்ரசரின் சத்தம் மெதுவாகப் பின்னணியில் இருக்கட்டும், முதலாளிக்குப் பழகிய சத்தம் அது.

அப்புறம், ஒவ்வொரு வரியும் தமிழில் பெரிய எழுத்தாகத் திரையில் வர வேண்டும். சத்தமில்லாமல் ஒருமுறை ஓடவிட்டு, கணக்கு புரிகிறதா என்று வீட்டில் யாரிடமாவது காட்டிக் கேளுங்கள். கண்ட்ரோலர் திரை வெளிச்சத்தில் பளபளத்து எண் தெரியாமல் போவது அடிக்கடி நடக்கும். பக்கவாட்டில் கொஞ்சம் சாய்த்து எடுத்தால் சரியாகிவிடும்.

அனுப்பும் வழி

வீடியோவோடு இப்படி ஒரு இணைப்பு போகட்டும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=V1%20compressor%20photo
```

X இருக்கும் இடத்தில் பத்து இலக்க எண். அதைத் தொட்டால் வாட்ஸ்அப் திறந்து "V1 compressor photo" என்று எழுதி வைத்திருக்கும், அவர் போட்டோவைச் சேர்த்தால் போதும். `%20` என்பது இடைவெளி. அடுத்த வீடியோவுக்கு V2 என்று மாற்றினால் எந்த என்கொயரி எதிலிருந்து வந்தது என்று யாரையும் கேட்காமல் தெரிந்துவிடும்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் அனுப்புவதாக இருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போய்ச் சேரும். அலுவலக எண்ணை எத்தனை முதலாளிகள் சேமித்திருப்பார்கள்? சர்வீஸ் என்ஜினியர் எண்ணைப் பெரும்பாலோர் வைத்திருப்பார்கள், மெஷின் நின்றால் கூப்பிட வேண்டியவர் அவர். வீடியோ அவர் போனிலிருந்து போகட்டும்.

போட்டோ வந்த பிறகு

வசனம் எழுதுகிறவரின் வேலை வீடியோவோடு முடியவில்லை. பதிலையும் நீங்களே எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் விற்பனை ஆள் போட்டோவுக்குப் பதிலாகக் காட்டலாக்கை அனுப்பிவிடுவார். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அனுப்பியவர் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு போட்டோ வருகிறது: மொத்தம் 18,400, லோடில் 16,900. நூற்றுக்கு 92 லோடில் ஓடுகிறது. இவருக்குப் பதில்: "உங்க கம்ப்ரசர் கிட்டத்தட்ட முழு நேரமும் காத்து அடிக்குதுங்க. விஎஃப்டி போட்டா உங்களுக்கு லாபம் இல்லை." முழு லோடிலேயே ஓடும் இடத்தில் வேகத்தை மாற்றும் அந்த டிரைவ் கொஞ்சம் கரண்டைத் தானே எடுத்துக்கொள்ளும், அதனால் இது உண்மையான பதில். கூடவே ஒன்று கேளுங்கள். எல்லா மெஷினும் நிற்கும் ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரசரை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதில் எத்தனை நிமிடம் லோடில் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நிமிடம் என்றால் கம்ப்ரசரின் காற்றில் நூற்றுக்கு முப்பது லீக்கில் போகிறது. இங்கேதான் லீக்கைப் பற்றிப் பேச வேண்டும். அதை அடைத்தபின்னும் காற்று போதவில்லை என்றால் அவர் கூப்பிடப் போவது உங்களைத்தான்.

இன்னொரு போட்டோ, ஒரு திங்கட்கிழமை வருகிறது: மொத்தம் 18,400, லோடில் 9,200. பாதி நேரம் சும்மா. விற்பனை ஆள் உடனே வண்டியை எடுக்கப் பார்ப்பார், கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த எண்கள் கம்ப்ரசர் வாங்கிய நாளிலிருந்து சேர்ந்தவை. ஆர்டர் இல்லாத பழைய வருடங்களும் அதில் இருக்கும், இப்போதைய நிலைமை வேறாக இருக்கலாம். அதனால் பதில் இப்படி: "இது மொத்தக் கணக்குங்க. இப்ப எப்படி ஓடுதுன்னு தெரியணும். வர்ற திங்கட்கிழமை இதே நேரத்துக்கு இன்னொரு போட்டோ அனுப்புங்க, ஒரு வாரக் கணக்கு சரியா வந்துடும்."

திங்கட்கிழமை போட்டோவில் 18,496, 9,241 என்று இருந்தால், அந்த வாரம் 96 மணி நேரம் ஓடி 41 மணி நேரம்தான் காற்று அடித்திருக்கிறது. 55 மணி நேரம் சும்மா. இதுவும் 30 எச்பி என்றால் 385 யூனிட், 8 ரூபாய்க் கணக்கில் 3,080 ரூபாய், ஒரே வாரத்தில். இந்த எண் அவருடைய கம்ப்ரசரில், அவர் எடுத்த போட்டோவிலிருந்து வந்தது. யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

வாரக் கடைசியில் விற்பனையாளர் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்பார். நீங்கள் எண்ண வேண்டியது இரண்டைத்தான்: எத்தனை முதல் போட்டோ வந்தது, அதில் எத்தனை பேர் இரண்டாவது போட்டோவும் அனுப்பினார்கள். பார்த்தவர்கள் நிறைய இருந்தும் முதல் போட்டோ வரவில்லை என்றால் கடைசி 12 வினாடியை மாற்றி எழுதுங்கள். முதல் போட்டோ வந்து இரண்டாவது வரவில்லை என்றால் வீடியோவைத் தொடாதீர்கள், பதில் எத்தனை மணி நேரம் கழித்துப் போனது என்று பாருங்கள். "அன்னைக்கே" என்று சொல்லியிருக்கிறோம். இரண்டாவது போட்டோவும் அனுப்பியவர்கள் பட்டியலை விற்பனை ஆளிடம் கொடுங்கள், பவர் மீட்டரை எடுத்துக்கொண்டு அவர் முதலில் போக வேண்டியது அந்த இடங்களுக்குத்தான்.